பதிவு செய்து அனுப்பிய காணொளி நேர்காணலுக்குப் பதிலே வராதபோது: எங்கே, யாரிடம், எப்படிக் கேட்பது

கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டு அருகே ஒரு ஹட்டியைச் சேர்ந்த பட்டதாரிப் பெண் ஒருவர், நவம்பர் 5ஆம் தேதி கைப்பேசியோடு என்னைப் பார்க்க வந்தார். பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பணிக்காக, அக்டோபர் 19ஆம் தேதி மாலை ஒருவழிக் காணொளி நேர்காணலைப் பதிவு செய்திருந்தார். எதிரே ஆள் இல்லை. திரையில் கேள்வி தோன்றும், யோசிக்க அரை நிமிடம், பதில் சொல்ல இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அதன்பின் பதினேழு நாட்களாக ஒரு மின்னஞ்சலும் இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. நிறுவனத்தின் விண்ணப்பத் தளத்தில் நுழைந்து பார்த்தால் பணியின் பெயரும் விண்ணப்பித்த தேதியும் மட்டும் இருந்தன; நிலை என்னும் கட்டம் வெறுமையாக இருந்தது. "அக்கா, என்னைப் பிடிக்கலைன்னு அர்த்தமா, இல்ல இன்னும் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பதிவு அங்கே போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். நான் ஆறு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் ஆளெடுப்புப் பிரிவில் இத்தகைய பதிவுகளைப் பட்டியலிட்டு மேலாளர்களுக்கு அனுப்பும் வேலையைச் செய்தவள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: இந்த மூன்றில் முதலில் தீர்க்க வேண்டியது மூன்றாவதைத்தான். மற்ற இரண்டும் பிறர் கையில் இருப்பவை. இது ஒன்றுதான் நம்மால் சரிசெய்யக்கூடியது, அதுவும் குறித்த நாட்களுக்குள் மட்டும்.

தளம் ஒன்றல்ல, இரண்டு

பெரும்பாலான நிறுவனங்களில் விண்ணப்பங்களை வைத்திருக்கும் மென்பொருள் ஒன்று. காணொளி நேர்காணலை நடத்தும் மென்பொருள் வேறொன்று. வொர்க்டே, கிரீன்ஹவுஸ், சக்சஸ்ஃபேக்டர்ஸ் போன்றவை முதல் வகை. ஹயர்வியூ, ஸ்பார்க் ஹயர், வில்லோ, டால்வியூ போன்றவை இரண்டாம் வகை. நாம் பதிவு செய்வது இரண்டாவதில். நிலை அறிய நுழைந்து பார்ப்பதோ முதலாவதில். இவ்விரண்டுக்கும் இடையே தகவல் தானாகப் போகும்படி இணைத்திருந்தாலும், அங்கே போகும் தகவல் பெரும்பாலும் 'நிறைவு' என்ற ஒரு சொல்தான். அது நிறுவனத்தின் உள்திரையில் தெரியும். விண்ணப்பதாரருக்குக் காட்டப்படும் திரையில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விண்ணப்பதாரரின் திரையில் எந்தச் சொல் தோன்ற வேண்டும் என்பதை நிறுவனமே வகுத்து வைத்திருக்கும். ஆளெடுப்பு அலுவலர் ஒரு விண்ணப்பத்தை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினால்தான் அந்தச் சொல் மாறும். நூறு பதிவுகளைப் பார்த்துப் பதினைந்து பேரை மேலாளருக்கு அனுப்பும் அலுவலர், மீதமுள்ளவர்களை அன்றே நகர்த்துவது அரிது. தேர்வானவர் பணியில் சேராமல் போனால் அடுத்தவரை அழைக்க வேண்டியிருக்கும் என்பதால், இடம் நிரம்பி, அந்தப் பணிக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் பணி எண் மூடப்படும் வரை அவர்களை அப்படியே விட்டுவைப்பார். மூடும் நாளில் எல்லோருக்கும் ஒரே சொடுக்கில் நிராகரிப்புக் கடிதம் போகும். எனவே வெறுமையான கட்டத்தைப் பார்த்து நிராகரிப்பு என்றோ நம்பிக்கை என்றோ எதையும் முடிவு செய்ய இயலாது. நாளுக்குப் பத்து முறை அந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பதால் கிடைக்கும் தகவல் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் அங்கே ஒருமுறை சரிபாருங்கள். நேர்காணல் அழைப்பு வந்த மின்னஞ்சல் முகவரியும், விண்ணப்பத் தளத்தில் நுழையும் முகவரியும் ஒன்றுதானா? நௌக்ரி போன்ற வேலைத் தளம் வழியாகவோ கல்லூரி வழியாகவோ விண்ணப்பித்தவர்களுக்கு வேறொரு முகவரியில் தனியாக ஒரு கணக்கு உருவாகியிருக்கும். அவர்கள் பின்னர் தாமே புதிதாகத் தொடங்கிய கணக்கில் நுழைந்து பார்த்தால், அங்கே எதுவும் இருக்காது. அப்படியானால் பழைய முகவரியில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பாருங்கள். மீட்புக் கடிதம் வந்தால் அந்தக் கணக்கு இருக்கிறது என்று பொருள்.

முதற்படி: பதிவு போய்ச் சேர்ந்ததா என்று கண்டறிதல்

நீலகிரியில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களிலும், ஆனி, ஆடியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களிலும் மின்சாரம் போனால் சிறிது நேரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் அலையும் மெலிந்துவிடுவது நமக்குத் தெரிந்ததே. காணொளியைப் பார்ப்பதற்குப் பதிவிறக்க வேகம் போதும். அனுப்புவதற்குப் பதிவேற்ற வேகம் வேண்டும். நம் பகுதியில் பின்னது மிகக் குறைவாக இருக்கும் இடங்கள் பல.

கணக்கைப் பாருங்கள். காணொளி நொடிக்கு 1.5 மெகாபிட் அளவில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடப் பதில் 180 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 22 மெகாபைட். உங்கள் பதிவேற்ற வேகம் நொடிக்கு 0.5 மெகாபிட் என்றால் அந்த ஒரு பதில் போய்ச் சேர ஆறு நிமிடம் ஆகும்; ஐந்து பதில்களுக்கு அரை மணி நேரம். நீங்கள் பேசி முடிப்பதோ பத்தே நிமிடத்தில். கடைசிப் பதில் முடிந்ததும் 'முடிந்தது' என்று எண்ணிக் கைப்பேசியை மூடியவரின் பதிவில் பாதி, இன்னும் அவர் கையிலேயே இருந்திருக்கக்கூடும். சில தளங்கள் ஒவ்வொரு பதிலையும் அப்போதைக்கப்போது ஏற்றிவிடும்; சில, இறுதியில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் நேர்காணல் நிறைவுற்றதாகக் கொள்ளும். இரண்டிலுமே கடைசிப் பதில்தான் பெரும்பாலும் தொலைகிறது.

சேர்ந்ததற்கான அடையாளங்கள் மூன்று. பதிவின் முடிவில் நிறைவுப் பக்கம் தோன்றியிருக்க வேண்டும். நேர்காணல் தளத்திலிருந்து உறுதி மின்னஞ்சல் வந்திருக்க வேண்டும். ஸ்பேம், விளம்பரங்கள் ஆகிய பிரிவுகளிலும் தேடுங்கள், ஆனால் சில நிறுவனங்கள் இந்த மின்னஞ்சலை நிறுத்தி வைத்திருக்கும் என்பதால் அது வராததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது அடையாளமே உறுதியானது: அழைப்புக் கடிதத்தில் இருந்த அதே சுட்டியை மீண்டும் திறந்து பார்ப்பது.

அதைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். நேர்காணல் முடியாமல் இருந்தால், தொடங்கு அல்லது தொடர் என்னும் பொத்தான் தோன்றும். அதை அழுத்திய கணமே யோசிக்கும் நேரம் ஓடத் தொடங்கிவிடலாம். ஆகவே உடை, வெளிச்சம், இணையம் எல்லாவற்றையும் தயார் செய்துகொண்ட பிறகே திறவுங்கள்; திறந்தபின் எதையும் அழுத்தாமல் திரையை மட்டும் படியுங்கள். நிறைவுற்றது என்று இருந்தால் பதிவு சேர்ந்துவிட்டது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாம் படிக்குப் போகலாம். தொடர் என்று இருந்தால், கெடு முடியும் முன் அப்போதே விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்; பதிவு செய்த அதே கருவியில், அதே உலாவியில் திறப்பது நல்லது, ஏனெனில் சில தளங்கள் அனுப்பப்படாத பதிவை அந்த உலாவியிலேயே வைத்திருக்கும். அதனால்தான் பதிவு சேர்ந்தது உறுதியாகும் வரை உலாவியின் சேமிப்பை அழிக்க வேண்டாம் என்கிறேன். சுட்டி காலாவதியாகிவிட்டது என்று மட்டும் வந்தால் இந்தச் சோதனையால் பயனில்லை. அப்போது நேர்காணல் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும்.

கட்டபெட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தது இதுதான். அழைப்பின் கெடு அக்டோபர் 20 இரவு 11.59. பதிவு செய்தது முந்தைய நாள் மாலை, நல்ல மழையில். ஐந்தாவது கேள்வியின்போது இணையம் அறுந்தது. பின்னர் வந்ததும் திரை அப்படியே நின்றது. அவர் பக்கத்தை மூடிவிட்டார். நிறைவுப் பக்கத்தைப் பார்த்த நினைவு அவருக்கு இல்லை. மறுநாள் அதே சுட்டியைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நாள் கெடு கையில் இருந்திருக்கும். நவம்பர் 5ஆம் தேதி நாங்கள் திறந்தபோது காலாவதி என்ற ஒரு வரி மட்டுமே வந்தது.

இரண்டாம் படி: நேர்காணல் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுதல்

பதிவு சேர்ந்ததில் ஐயம் இருந்தால் மட்டுமே இந்தப் படி. நேர்காணல் பக்கத்தின் அடியிலோ அழைப்புக் கடிதத்தின் அடியிலோ தொழில்நுட்ப உதவிக்கான முகவரி இருக்கும். அங்கே பதில் சொல்பவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். மென்பொருளை விற்றவரின் ஊழியர்கள். எத்தனை பதில்கள் வந்து சேர்ந்தன, நேர்காணல் எந்த நிலையில் நிற்கிறது என்பவை அவர்கள் பார்க்கக்கூடியவை. நீங்கள் தேர்வானீர்களா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல உரிமை இல்லை. கெடு முடிந்த நேர்காணலை மீண்டும் திறப்பதற்கும் பெரும்பாலும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எனவே அவர்களிடம் கேட்பது ஒரே ஒரு தொழில்நுட்பக் கேள்வியாக இருக்கட்டும். நாங்கள் அனுப்பிய கடிதத்தின் பொருள் இது. எந்த மொழியில் அழைப்பு வந்ததோ அந்த மொழியில் எழுதுங்கள்.

> இந்த மின்னஞ்சல் முகவரிக்கு வந்த அழைப்பின்பேரில், இன்ன நிறுவனத்தின் இன்ன பணிக்கான (பணி எண்ணையும் குறிப்பிட்டோம்) நேர்காணலை அக்டோபர் 19 அன்று மாலை 6.40 முதல் 7.05 வரை, இந்திய நேரப்படி, பதிவு செய்தேன். கருவி ஆண்ட்ராய்டு கைப்பேசி, உலாவி குரோம். ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது இணையம் தடைப்பட்டது. நிறைவுப் பக்கம் தோன்றவில்லை. ஐந்து பதில்களும் தங்களிடம் வந்துள்ளனவா, நேர்காணல் நிறைவுற்றதாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தேதி, நேரம், கருவி, உலாவி, எந்தக் கேள்வியில் தடை என்ற ஐந்தும் இருந்தால் அவர்கள் திரும்பக் கேள்வி கேட்க வேண்டிய தேவை வராது. திரையில் பிழைச் செய்தி ஏதேனும் வந்திருந்தால் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதுங்கள். வேலை எவ்வளவு அவசியம் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதுவதால் பயன் இல்லை.

மறுநாளே பதில் வந்தது: நான்கு பதில்கள் வந்துள்ளன, ஐந்தாவது வரவில்லை, நேர்காணல் முடிவுறாத நிலையில் உள்ளது, மீண்டும் திறக்க நிறுவனத்தை அணுகவும். கடிதத்தின் தலைப்பில் ஒரு புகார் எண்ணும் இருந்தது. பதினேழு நாள் மௌனத்தின் காரணம் அதோடு தெளிந்தது. நான் பணியாற்றிய இடத்தில் எங்கள் திரையில் நிறைவுற்றவை ஒரு பட்டியலாகவும், முடிவுறாதவை வேறொரு பட்டியலாகவும் வரும். நாங்கள் திறப்பது முதல் பட்டியலை மட்டுமே. முடிவுறாதவர்களை விருப்பமின்றி விட்டவர்கள் என்றே கருதினோம். அவர்களில் எத்தனை பேர் இப்படி மழைக்கும் மின்வெட்டுக்கும் இடையே பேசியவர்களோ என்பதை நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அது எனக்கு இன்றும் வருத்தமே.

மூன்றாம் படி: ஒரு மனிதரின் முகவரியைக் கண்டுபிடித்தல்

அழைப்புக் கடிதம் பெரும்பாலும் `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து வரும். ஆனால் அனுப்பிய முகவரி வேறு, பதில் செல்ல வேண்டிய முகவரி வேறு. பல நிறுவனங்கள் பதில் செல்லும் இடத்தில் ஆளெடுப்பு அலுவலரின் உண்மையான முகவரியை வைத்திருக்கும். ஜிமெயிலைக் கணினியின் உலாவியில் திறந்து, அந்தக் கடிதத்தின் வலப்புறம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, `Show original` என்பதைத் தேர்ந்தெடுங்கள். தோன்றும் எழுத்துக் குவியலில் இந்த வரியைத் தேடுங்கள்:

```
Reply-To:
```

அதன் எதிரே இருப்பதுதான் நாம் எழுத வேண்டிய முகவரி. கட்டபெட்டுப் பெண்ணின் அழைப்பில் அப்படி ஒரு பெயரும் முகவரியும் இருந்தன; பதினேழு நாட்களாக அவருடைய பெட்டியிலேயே இருந்தவை. அந்த வரி இல்லையென்றாலோ, அதிலும் `noreply` என்றே இருந்தாலோ, விண்ணப்பித்தபோது வந்த முதல் கடிதம், வேலை விளம்பரம், கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர் ஆகிய மூன்று இடங்களில் பெயரைத் தேடலாம்.

நம் ஊர்களில் இன்னொரு வழி உண்டு. ஹட்டியிலோ எஸ்டேட் குடியிருப்பிலோ கேட்டால், அந்த நிறுவனத்தில் பணிபுரியும் உறவினர் ஒருவர் எங்காவது இருப்பார். அவரிடம் வேலை வாங்கித் தரும்படி கேட்பதைவிட, பணி எண்ணைக் கொடுத்து, அந்தப் பணிக்கு ஆளெடுக்கும் அலுவலர் யார் என்பதை மட்டும் கேளுங்கள். நிறுவனத்தின் உள்ளகப் பணிப் பட்டியலில் அது பெரும்பாலும் தெரியும். உங்கள் பதிவின் முடிவு அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். எந்தப் பெயரும் கிடைக்காவிட்டால், நிறுவனத்தின் பொதுத் தொலைபேசி எண்ணை ஒரே ஒருமுறை அழைத்து, ஆளெடுப்புப் பிரிவின் மின்னஞ்சல் முகவரியை மட்டும் கேட்டுப் பெறுங்கள்.

நான்காம் படி: கடிதம்

எப்போது எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பதிவு சேரவில்லை என்று தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பதிவு சேர்ந்துவிட்டது, முடிவுதான் தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களை நீங்கள் பதிவு செய்த தேதியிலிருந்து எண்ணாமல், அழைப்பில் குறித்த கெடுவிலிருந்து எண்ணுங்கள். ஆளெடுப்பு அலுவலர்கள் கெடு முடிந்தபின் எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்ப்பதே வழக்கம். முதல் நாளே பதிவு செய்தவருக்கும் கடைசி நாளில் செய்தவருக்கும் அவர்கள் பார்வையில் வேறுபாடில்லை. கெடுவிலிருந்து ஏழு வேலை நாட்கள் கழித்து முதல் கடிதம். அதற்குப் பதில் இல்லையென்றால் மேலும் பத்து வேலை நாட்கள் கழித்து இரண்டாவது. அதோடு நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு.

கடிதத்தின் தலைப்பில் பணி எண், உங்கள் பெயர், கேட்கும் பொருள் மூன்றும் இருக்கட்டும். அலுவலர் தேடிப் பார்க்கப் பயன்படுவது பணி எண்தான். ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், ஒரே பணிப்பெயரில் மூன்று இடங்கள் திறந்திருக்கும். அழைப்புக் கடிதத்துக்குப் பதிலாகவே எழுதினால் பழைய விவரம் கீழே இருக்கும், அவருக்குத் தேடும் வேலை குறையும்.

பதிவு சேராதவர் எழுத வேண்டியது வேறு, சேர்ந்தவர் எழுத வேண்டியது வேறு. முதலாவதை நவம்பர் 7ஆம் தேதி இப்படி அனுப்பினோம்:

> அக்டோபர் 20 கெடுவுடன் தாங்கள் அனுப்பிய காணொளி நேர்காணலை அக்டோபர் 19 அன்று பதிவு செய்தேன். மழையால் இணையம் தடைப்பட்டதில் ஐந்தாவது பதில் மட்டும் சேரவில்லை என்று நேர்காணல் தளத்தின் உதவிப் பிரிவு நேற்று உறுதி செய்துள்ளது. அவர்களின் கடிதத்தைக் கீழே இணைத்துள்ளேன். பணி இன்னும் திறந்திருந்தால், அந்த ஒரு பதிலைப் பதிவு செய்ய நேர்காணலை மீண்டும் திறந்து தர இயலுமா? தாங்கள் திறந்து தந்த இரண்டு நாட்களுக்குள் முடித்துவிடுவேன்.

இந்தக் கடிதத்துக்கு வலிமை தருவது உதவிப் பிரிவின் பதில். இணையம் போய்விட்டது என்று சொல்பவர்கள் பலர். நான்கு பதில்கள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன என்று மூன்றாம் தரப்பின் கடிதத்தோடு காட்டுபவர் சிலரே. தவிர, அலுவலர் செய்ய வேண்டியது ஒரு சொடுக்குதான் என்பதும் அதில் தெரிகிறது. ஐந்தாவது பதிலைத் தனியாகக் கைப்பேசியில் எடுத்து இணைத்து அனுப்பட்டுமா என்று அந்தப் பெண் கேட்டார், வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் ஒரே நேர அளவில் கேட்கப்பட்ட கேள்விக்கு வெளியே எடுத்த பதிலை நிறுவனம் ஏற்காது. யூடியூபில் ஏற்றிச் சுட்டி அனுப்புவது அதைவிடத் தவறு. கேள்விகளை வெளியிட்டதாகவே அது கொள்ளப்படும்.

பதிவு சேர்ந்தவர் எழுதும் கடிதத்தில், 'ஏதேனும் தகவல் உண்டா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு உண்மையான பதில் 'இன்னும் இல்லை' என்பதாக இருக்கும்போது, எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று அலுவலர் கடந்துபோய்விடுவார். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்:

> இன்ன தேதியில் கெடு முடிந்த காணொளி நேர்காணலை முடித்துள்ளேன். நிறைவுப் பக்கத்தின் படம் இணைப்பில் உள்ளது. இந்தப் பணி எண் இன்னும் திறந்திருக்கிறதா என்பதையும், அடுத்த சுற்று எந்த வாரம் நடைபெறும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். குன்னூரிலிருந்து பெங்களூருக்கு நேரில் வர ஒரு நாள் முன்னறிவிப்பு போதும்.

கடைசி வரி அலங்காரத்துக்காகச் சேர்த்ததல்ல. முகவரியில் நீலகிரி என்று பார்க்கும் அலுவலருக்கு, இவர் வர இயலுமா என்ற ஐயம் உண்டு. உண்மையாகவே இயலுமென்றால் மட்டும் எழுதுங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலை மண் சரிவால் அடைபடக்கூடும் என்பதால், அப்போது இரண்டு நாள் என்று எழுதுவதே பாதுகாப்பு. வேறொரு நிறுவனம் வேலை தந்து பதில் கேட்டிருந்தால், அந்தக் கெடு தேதியையும் ஒரு வரியில் சேர்க்கலாம். காத்திருப்போர் பட்டியலைக் கலைத்து ஓர் அலுவலரைப் பதில் எழுத வைப்பது பெரும்பாலும் இதுதான். இல்லாத வேலையை இருப்பதாக எழுத வேண்டாம். எந்த நிறுவனம், என்ன ஊதியம் என்று அடுத்த கேள்வி வரும்.

ஐந்தாம் படி: வரும் பதிலைப் படித்தல்

நவம்பர் 10ஆம் தேதி கட்டபெட்டுப் பெண்ணுக்கு இரண்டு வரிப் பதில் வந்தது: நேர்காணல் நவம்பர் 12 இரவு வரை திறக்கப்பட்டுள்ளது. அவர் மறுநாள் குன்னூரில் உள்ள சித்தி வீட்டுக்குப் போனார். அங்கே ஃபைபர் இணையம் இருந்தது. முதலில் வேகத்தைச் சோதித்தார். பதிவேற்றம் நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் இருந்தது. காலை பத்து மணிக்கு, மின்வெட்டு அறிவிப்பு இல்லாத நாளில், ஐந்தாவது பதிலைப் பதிவு செய்து, நிறைவுப் பக்கம் வரும் வரை திரையைத் தொடாமல் இருந்தார். பிறகு அதே சுட்டியை மீண்டும் திறந்து, நிறைவுற்றது என்ற சொல்லைப் படம் எடுத்தார். அலுவலருக்கு, முடித்துவிட்டேன், நன்றி என்று ஒரே வரி அனுப்பினார். புதிய கெடுவான நவம்பர் 12இலிருந்து ஏழு வேலை நாள் எண்ணிக் காத்திருக்கும்போது, நவம்பர் 20ஆம் தேதி நேரடிக் காணொளி நேர்காணலுக்கான அழைப்பு தொலைபேசியில் வந்தது. அன்றும் விண்ணப்பத் தளத்தின் நிலைக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

பதில்கள் எல்லாம் இவ்வளவு தெளிவாக இருக்காது. 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்ற வரி பெரும்பாலும் முன்பே எழுதி வைத்தது. அதில் நம்பிக்கைக்கும் இடமில்லை, வருத்தத்துக்கும் இடமில்லை, இரண்டாவது கடிதத்துக்கான நாளை எண்ணத் தொடங்குங்கள். பணி எண் மூடப்பட்டது என்று வந்தால் முடிந்தது. முகவரி செல்லாது என்று கடிதம் திரும்பினால் அலுவலர் வேலையை விட்டிருக்கலாம். ஆளெடுப்புப் பிரிவின் பொது முகவரிக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். அது தொடர்கடிதக் கணக்கில் சேராது.

இந்தக் காத்திருப்பு நாட்களில் வரும் ஒரு வகை அழைப்பைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். நேர்காணலில் தேர்வாகிவிட்டீர்கள், மடிக்கணினிக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தொகை என்று யாராவது கேட்டால் அது மோசடி. பணி எண்ணைக் கேளுங்கள். மின்னஞ்சலில் @ குறிக்குப் பின் இருப்பது நிறுவனத்தின் பெயரேதானா, ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுத்துவிட்டீர்களானால் அன்றே 1930 என்ற எண்ணை அழைத்து, `cybercrime.gov.in` தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: நிறுத்துதல்

இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லையென்றால், மூன்றாவதை எழுதாமல், வேலை விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். அதே பணி புதிய எண்ணோடு மீண்டும் விளம்பரமானால், பழைய விண்ணப்பம் தானாக அதற்கு மாறாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சில நிறுவனங்கள் குறித்த மாதங்களுக்குள் மறுபடி விண்ணப்பிக்க விடுவதில்லை. அந்த விதி விண்ணப்பப் பக்கத்தில் எழுதியிருக்கும்.

உங்கள் முகமும் குரலும் அடங்கிய பதிவு அங்கே இருந்துகொண்டிருப்பது பிடிக்கவில்லை என்றால் அதை நீக்கும்படி கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 12ஆம் பிரிவில், தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இந்தக் கோரிக்கையை மென்பொருள் விற்பவருக்கு எழுதுவதைவிட, நேர்காணலை நடத்தச் சொன்ன நிறுவனத்துக்கு எழுதுவதே முறை. அந்த முகவரி நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருக்கும். பதிவை நீக்கினால் அந்த விண்ணப்பமும் அதோடு முடிந்துவிடும் என்பதால், பணி எண் மூடப்பட்டது தெரிந்த பிறகோ இரண்டாவது கடிதத்துக்குப் பின் ஒரு மாதம் கழிந்த பிறகோ இதை எழுதுங்கள்.